ஹை-பாஸ் போட்டும் குரல் மந்தமா?

"ஹை-பாஸ் ஃபில்டர் போட்டுவிட்டேன், ஆனாலும் பாட்டோடு கேட்டால் குரல் மந்தமாகவே இருக்கிறது. ஏன்?"

ஹை-பாஸ் எடுப்பது குரலுக்கும் கீழே கிடக்கும் அதிர்வையும் உறுமலையும்தான். மந்தம் பெரும்பாலும் அதற்கு மேலே, 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும்.

ஓர் ஆண்குரல், அதன் மிகத் தாழ்ந்த சுரம் 110 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பாட்டு முழுவதும் ஓடும்போதே ஃபில்டரை 60-இலிருந்து ஏற்றுங்கள். 120-இல் குரல் மெலிகிறதா? 90-க்கு இறக்கிவிடுங்கள்.

அப்புறம் ஈக்வலைசரில் ஒரு குறுகிய பட்டையை 6 டெசிபெல் உயர்த்தி, 200 முதல் 500 வரை மெதுவாக நகர்த்துங்கள். உயர்த்தினால் எந்த இடமும் கொஞ்சம் அசிங்கமாகத்தான் கேட்கும். குடத்துக்குள் பாடுவதுபோல் சட்டென்று வீங்கும் இடம்தான் நமக்கு வேண்டும். அது 280 என்றால், பட்டையை அகலமாக்கி அங்கே 3 டெசிபெல் குறையுங்கள். குரலைத் தனியாக ஓடவிட்டு இதைச் செய்யாதீர்கள், தேவைக்கு மேல் வெட்டிவிடுவீர்கள்.

சில சுரங்களில் மட்டும் மந்தம் வந்தால், அது எழும்போது மட்டும் குறைக்கும் டைனமிக் ஈக்வலைசர்தான் சரி.