வேலையை விட்டுப் போகும்போது டீமுக்கு எழுதும் மெயில்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆறு வருஷமாக மெர்ச்சண்டைசர். ராஜினாமா கொடுத்தாயிற்று, அடுத்த வெள்ளி கடைசி நாள். மேனேஜரோடு கொஞ்சம் மனக்கசப்பு. அதைக் காட்டிக்கொள்ளாமல், பொய்யாகப் புகழவும் செய்யாமல் டீமுக்கு எப்படி மெயில் எழுதுவது?

நானும் இதே ஊரில் மெர்ச்சண்டைசிங்கில் இருந்தவன்தான். பிறகு வேறொரு கம்பெனியில் பணியாளர் பிரிவுக்கு மாறிவிட்டேன். அதனால் இந்த வகை மெயில்களை எழுதியதைவிட வாசித்ததுதான் அதிகம். நேரடியாக ஒருவரைத் திட்டி எழுதுகிறவர் கிட்டத்தட்ட யாருமே இல்லை. குறை வந்து உட்காருவது நன்றி சொல்லும் வாக்கியங்களுக்குள்தான், பல நேரம் எழுதியவருக்கே தெரியாமல்.

"எத்தனையோ தடைகளுக்கு நடுவிலும் நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று ஒருவர் எழுதுகிறார். வாசிக்கிறவர் மனதில் முதலில் எழும் கேள்வி, யார் அந்தத் தடை என்பதுதான். "என் திறமைக்கேற்ற வாய்ப்பு கிடைத்திருப்பதால் விடைபெறுகிறேன்" என்றால், இத்தனை நாள் இங்கே கிடைக்கவில்லை என்று அர்த்தமாகிறது. "கடைசி வரை எனக்குத் துணை நின்ற சாம்பிள் பிரிவுக்கு நன்றி" என்பதைப் படித்ததும் ஃபேப்ரிக் பிரிவில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். மதியம் டீக்கடையில் பேச்சே இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே எழுதி முடித்ததும் உங்கள் மேனேஜராக இருந்து ஒரு முறை வாசித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு வரியில் "அப்போ மத்தவங்க?" என்றோ "யாரைச் சொல்றான்?" என்றோ கேட்கத் தோன்றினால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். திருத்திப் பார்க்க வேண்டாம். அந்த மாதிரி வரிகளைத் திருத்தத் திருத்தக் குத்தல் இன்னும் கூர்மையாகும்.

அடுத்து, மேனேஜர் விஷயம். "உங்கள் சிறந்த தலைமைக்கு நன்றி" என்று நீங்கள் எழுதினால் உங்கள் இருவரையும் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், அவரும் நம்ப மாட்டார். பெயரே சொல்லாமல் விட்டால் அது அதைவிடப் பெரிய அறிவிப்பு. நடுவில் ஒரு வழி உண்டு. அவருடைய குணத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். ஆறு வருஷத்தில் ஒன்றாவது இருக்கும். காஸ்டிங் ஷீட்டை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கலாம், முதல் முறை பையர் மீட்டிங்குக்குக் கூட்டிப் போயிருக்கலாம். அவர் எரிந்து விழுந்துகொண்டே சொல்லிக்கொடுத்திருந்தாலும் சொல்லிக்கொடுத்தது உண்மைதானே. நடந்ததைச் சொல்வதில் பொய்யும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. யோசித்து யோசித்தும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றால், "பெரிய ஆர்டர்களை என்னை நம்பி ஒப்படைத்ததற்கு" என்று எழுதலாம். ஆறு வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்த யாருக்கும் இது பொருந்தும்.

மற்றவர்களுக்கும் இதே முறைதான். தனித்தனிப் பெயர் போடுவதாக இருந்தால் எல்லாரையும் போட வேண்டும். ஒன்பது பேரில் ஏழு பேரைச் சொன்னால், விடுபட்ட இரண்டு பேருக்கு மட்டும்தான் அந்த மெயில் ஞாபகம் இருக்கும். அதனால் பிரிவுகளாகச் சொல்வது நல்லது. நம் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது. துணி எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசையில் சொல்லிவிடலாம்: ஃபேப்ரிக், சாம்பிள், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், டாக்குமென்டேஷன். யாரை முதலில் சொன்னான், யாரைக் கடைசியில் சொன்னான் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நீங்கள் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும் என்று நினைக்கிறேன்:

பொருள்: விடைபெறுகிறேன், நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

இன்று நம் கம்பெனியில் எனக்குக் கடைசி வேலை நாள். உதவி மெர்ச்சண்டைசராக வந்து சேர்ந்தபோது லேப் டிப் என்றால் என்னவென்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு ஆர்டரை நூலில் தொடங்கித் தூத்துக்குடிக்கு கன்டெய்னர் ஏற்றுவது வரை பார்த்துக்கொள்ளும் தொழிலை இங்கேதான் கற்றேன்.

பையர் ஷேடு சரியில்லை என்று திருப்பி அனுப்பும்போதெல்லாம் மறுபடி டையிங்கில் பேசிப் போட்டு வாங்கித் தந்த ஃபேப்ரிக் பிரிவுக்கும், சாயங்காலம் வந்த கமென்ட்டுக்கு மறுநாள் காலையில் பீஸை மேசையில் வைத்த சாம்பிள் பிரிவுக்கும், அளவில் சந்தேகம் வந்தால் துணியில் கத்தி வைக்கும் முன் எனக்குப் போன் செய்த கட்டிங் மாஸ்டருக்கும், ஷிப்மென்ட் நெருங்கும்போது லைனை மாற்றிக் கொடுத்த புரொடக்ஷனுக்கும், தவறிப் போயிருக்க வேண்டியதைப் பிடித்துத் தந்த செக்கிங், பேக்கிங் பிரிவுகளுக்கும், இன்வாய்ஸில் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் பார்த்துக்கொண்ட டாக்குமென்டேஷனுக்கும் நன்றி. காஸ்டிங் போடச் சொல்லிக்கொடுத்து, பெரிய ஆர்டர்களை என்னிடம் ஒப்படைத்த மேனேஜர் சாருக்கு நன்றி.

2022-இல் நூல் விலை ஏறிக்கொண்டே போனபோது, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆர்டர்களை நாம் எல்லாரும் சேர்ந்து அனுப்பி முடித்தது எனக்கு எப்போதும் ஞாபகம் இருக்கும்.

கையில் இருந்த ஆர்டர்களின் டைம் அண்ட் ஆக்ஷன் சார்ட், பையர் கமென்ட், அப்ரூவல் ஃபைல் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். அதில் ஏதாவது புரியாவிட்டால் கூப்பிடுங்கள்.

தொடர்பில் இருப்போம்.

அன்புடன்,
(பெயர், சொந்த மெயில் முகவரி, கைபேசி எண்)

இதில் எது இல்லை என்று பாருங்கள். ஏன் போகிறேன் என்பது இல்லை, எங்கே போகிறேன் என்பதும் இல்லை. திருப்பூர் சின்ன ஊர். அடுத்த கம்பெனிக்கும் அதே பையர்தான் என்றால், அந்தப் பெயர் மெயிலில் எழுத்தாக நிற்பது உங்களுக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல. கேட்கிறவர்களுக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம். நூல் விலை வரி எதற்கென்றால், அது வெளியிலிருந்து வந்த கஷ்டம். கஷ்ட காலத்தைச் சொல்ல ஆசையிருந்தால் இப்படி யார் மேலும் பழி விழாத ஒன்றை எடுங்கள். "அந்தக் கோடை ஆர்டர் ரிஜெக்ட் ஆனபோதும் மனம் தளராமல்" என்று எழுதினால் அது யார் தவறு என்ற பழைய பஞ்சாயத்து மறுபடி ஆரம்பிக்கும்.

"தெரிந்தோ தெரியாமலோ யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்" என்ற வரியையும் விட்டிருக்கிறேன். நம்மிடம் வழக்கமாக எழுதுகிற வரிதான், வேறொருவர் எழுதினால் தப்பில்லை. ஆனால் உங்களுக்கும் மேனேஜருக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரிந்திருக்கும்போது, அந்த வரி நேராக அவரைத்தான் காட்டும். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர் அறைக்குப் போய் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வாருங்கள்.

அனுப்புவதிலும் கவனம் வேண்டும். காலையிலேயே மேனேஜரிடம் "சார், மதியத்துக்கு மேல எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுடறேன்" என்று சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்பதாக வைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு தகவல்தான். அவருக்குத் தெரியாமல் வந்தது என்ற பேச்சு இருக்காது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அனுப்புங்கள். சாயங்காலம் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு ஐடியை மூடிவிடுவார்கள். கிளம்பும் நேரத்தில் அனுப்பினால் மறுநாள் பதில் போடுகிறவர்களின் மெயில் திரும்பி வரும். சொந்த முகவரியைக் கடைசியில் போடச் சொன்னதும் இதனால்தான்.

பெறுநர் வரியை எல்லாம் எழுதி, வாசித்து முடித்த பிறகு நிரப்புங்கள். ஜிமெயிலில் Undo Send அதிகபட்சம் 30 விநாடிதான் கிடைக்கும், அதையும் செட்டிங்ஸில் மாற்றி வைத்திருந்தால்தான். உங்கள் டீம் பத்துப் பதினைந்து பேர் என்றால் எல்லாரையும் To-வில் போடலாம். ஆபீஸ் முழுக்க அனுப்புவதாக இருந்தால் To-வில் உங்கள் முகவரி, மற்றவர்கள் BCC-யில். அப்போது ஒருவர் Reply All அழுத்தினாலும் உங்களுக்கு மட்டும்தான் வரும். இது மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் மேல் பாசமுள்ள யாராவது "உன்னை இவங்க நடத்தின விதத்துக்கு நீ போறதுதான் சரி" என்று எல்லாரும் பார்க்கும்படி பதில் போட்டுவிட்டால், நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதியதெல்லாம் வீண். அப்படி வந்தே விட்டால் மெயிலில் பதில் சொல்லாதீர்கள், அவருக்குப் போன் செய்துகொள்ளுங்கள்.

பையரையும் பையிங் ஹவுஸ் ஆட்களையும் இந்த மெயிலில் சேர்க்கவே கூடாது. இனி அந்த ஆர்டரை யார் பார்ப்பார்கள் என்று கம்பெனிதான் அவர்களுக்கு எழுத வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால், ஆள் பிடிக்கிறான் என்ற சந்தேகம் வரும். டையிங், பிரிண்டிங் ஜாப் ஒர்க் ஆட்களுக்கு ஒரு போன் போதும்.

தையல் ஃப்ளோரில் இருக்கிறவர்கள் இந்த மெயிலைப் பார்க்கப் போவதில்லை. கட்டிங் மாஸ்டருக்கு மெயிலில் நன்றி சொன்னது அவருக்கே தெரியாமல் போகும். டீ டைமில் கொஞ்சம் மிக்சரும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, அந்தப் போன் விஷயத்தை அவரிடம் நேரில் சொல்லுங்கள். ஆபீஸ் மெயில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் போகிறது என்றால் இதே விஷயங்களைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரியை எடுத்து ஒட்டினால், போன மாதம் போனவர் அனுப்பியதும் அதுவாகவே இருக்கும்.

மேனேஜர் ஒரு வார்த்தையில் "ஆல் தி பெஸ்ட்" என்று பதில் போடலாம், போடாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் அர்த்தம் தேட வேண்டாம்.

பாக்கிச் சம்பளம், ரிலீவிங் லெட்டர், பிஎஃப்பில் வெளியேறிய தேதி பதிவது, இதெல்லாம் விடைபெறும் மெயிலில் ஒரு வார்த்தைகூட வர வேண்டாம். அவற்றுக்குப் பணியாளர் பிரிவுக்குத் தனி மெயில் போடுங்கள், சொந்த முகவரிக்கு ஒரு நகல் வைத்து. வரி பிடித்திருந்தால் அதற்கான சான்றிதழை நிதியாண்டு முடிந்த பிறகு, ஜூன் 15-க்குள்தான் தருவார்கள். அதை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அந்த மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.