காகிதப் பவுண்டும் சின்னத் தலை டாலரும்

கேள்வி: சித்தப்பா லண்டனில் வேலை பார்த்தவர். அவருடைய பெட்டியில் காகித 20 பவுண்டு நோட்டுகள் 17, 1990 என்று அச்சிட்ட 100 டாலர் நோட்டுகள் 2 இருந்தன. நாணய மாற்றுக் கடையில் பவுண்டைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள், டாலருக்குக் குறைத்துத் தருகிறார்கள். பவுண்டு செல்லாதா?

பதில்: செல்லும், ஆனால் கடையில் அல்ல. ஆடம் ஸ்மித் படம் போட்ட அந்தக் காகித நோட்டு 2022 செப்டம்பர் 30-உடன் புழக்கத்திலிருந்து போய்விட்டது. அதை வாங்கும் நாணய மாற்றுக்காரர் லண்டனுக்குப் போகிற பயணியிடம் விற்க முடியாது, அங்கே கடைக்காரர் வாங்கமாட்டார். அதனால்தான் கையை விரிக்கிறார். ஆனால் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தான் வெளியிட்ட நோட்டை எத்தனை வருஷம் ஆனாலும் முழு மதிப்புக்கு மாற்றித் தரும், கெடுவே கிடையாது.

உங்களிடம் இருப்பது 340 பவுண்டு. பிரிட்டனுக்குப் போகும் உறவினர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுப்பதுதான் நல்லது. அங்கே இந்தச் சேவை தரும் சில தபால் நிலையங்களில், அடையாள அட்டையைக் காட்டி ஒருவர் இரண்டு வருஷத்துக்கு 300 பவுண்டு வரை மாற்றலாம். அதாவது 15 நோட்டு அங்கே முடிந்துவிடும், மீதி இரண்டை லண்டனில் த்ரெட்நீடில் தெருவிலுள்ள பேங்க் ஆஃப் இங்கிலாந்து கவுன்ட்டரில் கொடுக்கலாம். தபாலில் அனுப்பவும் வழி உண்டு. வழியில் தொலைந்தால் நஷ்டம் உங்களுடையது, அதனால் அந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அப்புறம், நோட்டுக் கட்டுக்குள் ஸ்காட்லாந்து வங்கி நோட்டு ஏதாவது கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஏற்காது, வெளியிட்ட வங்கியிடம்தான் போக வேண்டும்.

டாலர் கதை நேர் எதிர். அமெரிக்கா தன் பழைய நோட்டை வாபஸ் வாங்குவதில்லை, உங்கள் 1990 நோட்டு அங்கே இன்றும் 100 டாலர்தான். வெளிநாட்டில்தான் அதன் மதிப்பு குறைகிறது. அதில் பிராங்க்ளினின் தலை சின்னதாக வட்டத்துக்குள் இருக்கும். 1996-இல் பெரிய தலை வந்தது, 2013-இல் நீலப் பட்டை வந்தது. பழையதில் பாதுகாப்பு அடையாளங்கள் குறைவு, கள்ள நோட்டு பயம் அதிகம். மாற்றுக்காரரிடமிருந்து மொத்தமாக வாங்குகிறவரும் யோசிப்பார். அந்த ரிஸ்க்கைத்தான் உங்கள் விலையில் கழிக்கிறார்கள். மடிப்போ, மை முத்திரையோ இருந்தால் இன்னும் கழிப்பார்கள். அவசரமில்லை என்றால் அமெரிக்கா போகிறவரிடம் கொடுத்து அங்கே வங்கியில் போடச் சொல்லுங்கள், முழுசாகக் கிடைக்கும்.

எல்லா நாடும் இப்படித் தாராளமில்லை. பெட்டியில் இத்தாலிய லிராவோ பிரெஞ்சு ஃபிராங்க்கோ கிடைத்தால் வங்கிக்கு அலையாதீர்கள்: லிராவுக்கு 2011 டிசம்பரிலும், ஃபிராங்க்குக்கு 2012 பிப்ரவரியிலும் கதவு மூடியாகிவிட்டது. அவற்றுக்குப் பழம்பொருள் சேகரிப்பவர்தான் விலை சொல்ல வேண்டும்.