போட்டோவைத் தையல் கட்டமாக்கும்போது நிறத்தைக் குறைப்பது

கேள்வி: அம்மம்மாவின் போட்டோவை கிராஸ் ஸ்டிச் கட்டமாக மாற்றினால் 60 நிறம் கேட்கிறது, முகமும் விளங்கவில்லை. என்ன செய்யலாம்?

நிறத்தில் கை வைக்க முதல் படத்தை வெட்டுங்கள். நானும் என் அம்மம்மாவின் படத்தைத்தான் தைத்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் கதிரையில் இருக்கிறா, பின்னால் குரோட்டன் செடி. முழுப் படத்தையும் 80 கட்ட அகலத்துக்குச் சுருக்கியதில் முகத்துக்குக் கிடைத்தது 15 கட்டம், ஒரு கண்ணுக்கு மூன்று கட்டம். மூன்று கட்டத்தில் கண் வராது, எத்தனை நிறம் போட்டாலும் வராது. தோளுக்கு மேலே மட்டும் வெட்டி எடுத்து 100க்கு 130 என்று வைத்தபோது முகம் 50 கட்டம் ஆனது, கண்ணுக்குப் பத்து. 14 கவுண்ட் ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம், ஆகவே இது ஏறக்குறைய 7க்கு 9 அங்குலம்.

அடுத்தது குரோட்டன். நிறம் குறைக்கும் மென்பொருள் எது முகம், எது இலை என்று பார்ப்பதில்லை, அதிக இடம் பிடித்த நிறங்களைத்தான் முதலில் காப்பாற்றும். 16 நிறம் கேட்டால் பாதிக்கு மேல் பச்சைக்கும் மஞ்சளுக்கும் போய், முகத்துக்கு மூன்று மண்ணிறம்தான் மிஞ்சியது. பின்னணியை அழித்து வெள்ளையாக்கிய பிறகு அதே 16 நிறம் முகத்துக்கும் சேலைக்கும் தாராளமாகப் போதும். அந்த வெள்ளையைத் தைக்கவும் தேவையில்லை, துணியே இருக்கிறதே.

நான் கட்டளை எழுதி இயக்கும் ImageMagick என்ற மென்பொருளைப் பாவிக்கிறேன். amma.png என்பது வெட்டிப் பின்னணியை வெள்ளையாக்கிய படம்:

```
magick amma.png -resize 100x130 +dither -colors 16 small.png
magick small.png -scale 1000% view.png
```

இதில் முக்கியமானது `+dither`. அது இல்லாவிட்டால், இல்லாத நிறத்தைக் காட்டுவதற்காக இரண்டு நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து விடும். திரையில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் தைக்கிறவருக்கு ஒரு கட்டத்துக்கு ஒரு நூல், ஒவ்வொன்றுக்கும் பின்பக்கத்தில் முனை செருக வேண்டும். PNG ஆகவே சேமியுங்கள், JPG ஆக்கினால் கட்ட ஓரங்களில் புதுப்புது நிறங்கள் திரும்ப முளைக்கும்.

அப்புறம் பெரிதாக்கிய view.png ஐப் பார்த்துக்கொண்டு small.png இல் கையால் திருத்த வேண்டும். கன்னத்தில் தனியாகக் கிடக்கும் ஒற்றைக் கட்டங்களைப் பக்கத்து நிறமாக்கினேன். ஆனால் பொட்டைக் காணவில்லை! நாலைந்து கட்டச் சிவப்பு, நெற்றியின் மண்ணிறத்துக்குள் கரைந்து போய்விட்டது. அதைப் பதினேழாவது நிறமாக நானே திரும்ப வைத்தேன். சின்ன இடத்தில் இருக்கும் நிறத்துக்கு இதுதான் நடக்கும், மூக்குத்தியையும் பாருங்கள்.

ஒற்றைக் கட்டம் எல்லாவற்றையும் அழித்துவிடவும் கூடாது. கருவிழிக்குள் ஒரு வெள்ளைக் கட்டம் இருக்கும், வெளிச்சம் பட்ட இடம். நான் முதலில் அதையும் கறுப்பாக்கி விட்டேன், முகம் நித்திரையில் கண் திறந்த மாதிரி ஆகிவிட்டது. திரும்ப வெள்ளை வைத்ததும் அம்மம்மா என்னைப் பார்த்தா.