காசேடு ஒன்று சொல்ல, வங்கி வேறொன்று சொல்கிறதா? (கேள்வி-பதில்)

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைப் பற்றியவை. பரீட்சை நெருங்குகிறது போலும்.

எங்கள் காசேட்டில் வரவு மீதி. வங்கிக் கூற்றில் அதே பணம் செலவு மீதியாக நிற்கிறதே? (மாணவர், பண்டாரவளை)

உங்கள் பணம் வங்கிக்குக் கடன். வங்கிக் கூற்று வங்கியின் ஏடு. வங்கி தன் பக்கத்திலிருந்து எழுதுகிறது. இரண்டும் ஒரே பணம்தான்.

மார்ச் 31 இல் காசேட்டு மீதி 84,500 ரூபா, வங்கிக் கூற்று மீதி 95,400 ரூபா. எது சரி? எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தும் 900 ரூபா இடிக்கிறது. (உயர்தர மாணவி, ஹட்டன்)

இரண்டுமே சரியல்ல. சரியான தொகை மூன்றாவது ஒன்று. நீங்கள் அனுப்பிய விபரம் ஒழுங்காக இருப்பதால் அதையே கணக்காக எடுத்துக்கொள்கிறேன். ஒரு பலசரக்குக் கடையின் நடைமுறைக் கணக்கு அது.

முதலில் காசேட்டின் வங்கி நிரலையும் வங்கிக் கூற்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் உள்ளவற்றுக்கு அடையாளம் இடுங்கள். அடையாளம் விழாமல் எஞ்சுபவை இரண்டு கூட்டமாகப் பிரியும். வங்கிக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதவை ஒன்று. நாம் எழுதி, வங்கிக்கு இன்னும் போய்ச் சேராதவை மற்றது. இந்தப் பிரிவில் பிழைத்தால் பிறகு எதுவும் ஒத்துவராது.

வங்கிக்கு மட்டும் தெரிந்தவை காசேட்டுக்குள் போகவேண்டும். வாடிக்கையாளர் ஒருவர் நேரடியாக வைப்பிலிட்ட 22,000 கூடும். வங்கிக் கட்டணம் 1,200, நிலையியற் கட்டளைப்படி வங்கி செலுத்திய காப்புறுதிக் கட்டணம் 4,500, மறுக்கப்பட்டுத் திரும்பிய காசோலை 9,000 ஆகியவை குறையும். 84,500 உடன் 22,000 ஐக் கூட்டி 14,700 ஐக் கழித்தால் 91,800. நீங்கள் நின்றுவிட்ட இடம் இதுதான்.

இப்போது 900 ஐப் பாருங்கள். அது 9 ஆல் மீதமின்றி வகுபடுகிறது. அப்படி வந்தால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று முதலில் சந்தேகிக்கவேண்டும். உங்கள் விபரத்திலேயே மின்கட்டணக் காசோலை வங்கிக் கூற்றில் 5,400, காசேட்டில் 4,500. காசோலை இலக்கம் ஒத்துப்போனதும் அடையாளம் இட்டுவிட்டீர்கள், தொகையைப் பார்க்கவில்லை. இலக்கம், தொகை இரண்டும் ஒத்தால்தான் அடையாளம். பிழை நம்முடையது, ஆகவே திருத்தமும் காசேட்டில்தான். 91,800 இல் 900 குறைய, திருத்திய காசேட்டு மீதி 90,900.

அடுத்ததுதான் கணக்கிணக்கக் கூற்று:

திருத்திய காசேட்டு மீதி: 90,900
கூட்டுக: வழங்கியும் வங்கியில் சமர்ப்பிக்கப்படாத காசோலைகள் (12,000 + 7,500): 19,500
கழிக்க: வைப்பிலிட்டும் தேறாத காசோலை: 15,000
வங்கிக் கூற்றின்படி மீதி: 95,400

வழங்கிய காசோலைகளை நாம் காசேட்டில் கழித்துவிட்டோம், வங்கி கழிக்கவில்லை. ஆகவே அதன் மீதி அந்தளவு கூடுதலாக நிற்கும். தேறாத காசோலையில் நிலைமை தலைகீழ். 22,000 ஐயோ 1,200 ஐயோ இந்தக் கூற்றுக்குள் கொண்டுவராதீர்கள். முதலில் காசேட்டைத் திருத்துங்கள், பிறகு கூற்று.

திரும்பிய காசோலைக்குக் கடன்பட்டோர் கணக்கை வரவு வைத்தீர்களா? அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காசோலை செத்தாலும் அவர் தரவேண்டிய 9,000 சாகவில்லை.

வித்தியாசம் 300 ரூபாதான். வங்கிக் கட்டணம் என்று எழுதி முடித்துவிடலாமா? (மரணாதார சங்கப் பொருளாளர், மஸ்கெலியா)

கூடாது. இந்தக் கேள்வி வேறு வேறு தொகைகளோடு திரும்பத் திரும்ப வருகிறது: 300, 150, "ஆயிரத்துக்கும் குறைவு". தொகை சின்னது என்பதால் காரணமும் சின்னது என்று யார் சொன்னது? வங்கி கட்டணம் பிடித்திருந்தால் பாஸ் புத்தகத்தில் அதற்கென ஒரு வரி இருக்கும். வரி இல்லையென்றால் கட்டணமும் இல்லை. இல்லாத செலவை எழுதுவது கணக்கை மூடுவதல்ல, மறைப்பது.

உங்கள் ஏட்டில் மீதி 300 கூடுதல் என்கிறீர்கள். இப்படியும் வந்திருக்கலாம்: கூட்டத்தில் சேர்ந்த 5,000 ரூபாவை அன்றே வங்கியில் போட்டதாக ஏட்டில் எழுதியாயிற்று, ஆனால் பணம் வங்கிக்குப் போகவேயில்லை. இன்னொரு பக்கம், சேமிப்புக் கணக்குக்கு வட்டியாக 4,700 ரூபா சேர்ந்திருக்கிறது; அதை யாரும் ஏட்டில் எழுதவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தின்று, வெளியே தெரிவது 300 மட்டும். நீங்கள் அதைக் கட்டணம் என்று எழுதிய அந்த நிமிடம் இரண்டு மீதியும் ஒத்துவிடும். 5,000 எங்கே என்று அதன்பின் எந்த மாதக் கணக்கும் கேட்காது. அது சாவு வீட்டுக்குப் போகவேண்டிய பணம்.

ஆகவே செய்யவேண்டியது இது. பாஸ் புத்தகத்தை வங்கியில் கொடுத்து இன்றுவரை பதியச் செய்யுங்கள். பழைய பதிவோடு இன்றைய ஏட்டை ஒப்பிடுவதில் பயனில்லை. ஏட்டிலுள்ள ஒவ்வொரு வைப்புக்கும் வங்கி முத்திரை விழுந்த வைப்புச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டு இல்லாத வைப்பைக் குறித்து வையுங்கள், சபையிலும் சொல்லுங்கள். வட்டியையும், அதில் பிடித்த வரி இருந்தால் அதையும் தனித்தனியாக எழுதுங்கள். அப்படியும் காரணம் பிடிபடாவிட்டால், பிடிபடும்வரை அது வித்தியாசமாகவே நிற்கட்டும். பணத்தைக் கையாளுபவரே ஒப்பிட்டும் பார்க்காமல், சபையில் இன்னொருவர் பார்ப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

வங்கியில் போட்ட காசோலை இன்னும் வரவில்லை. ஏன்? (தலவாக்கலை)

எந்தத் திகதி போட்டீர்கள், எந்தத் திகதிக் கூற்றைப் பார்க்கிறீர்கள்? இரண்டும் கடிதத்தில் இல்லை. திகதி இல்லாமல் இதற்குப் பதில் இல்லை. பொதுவாகச் சொல்வதானால், காசோலையின் படத்தை அனுப்பித் தீர்க்கும் முறை 2006 இல் வந்ததிலிருந்து, நேரத்தோடு போட்ட காசோலை அடுத்த வங்கி வேலைநாளில் தேறிவிடும். இடையில் போயா தினமோ வார இறுதியோ வந்தால் தள்ளிப்போகும். பத்து நாளாகியும் காணவில்லையென்றால் அதைத் "தேறாத காசோலை" என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். சீட்டோடு வங்கிக்குப் போங்கள்.

மேலதிகப் பற்று என்றால் கூட்டுவதும் கழிப்பதும் மாறுமா? (மாணவர், பதுளை)

மீதியைக் கழித்தற் குறியோடு எழுதுங்கள். மற்றவை அப்படியே.

போன மாதக் கூற்றில் இருந்த சமர்ப்பிக்கப்படாத காசோலை இந்த மாதமும் வரவில்லை. விட்டுவிடலாமா? (கடைக் கணக்கர், நுவரெலியா)

விட்டால் கூற்று அந்தத் தொகைக்கு இடிக்கும். இந்த மாத வேலையைத் தொடங்கும்போதே போன மாதக் கூற்றைப் பக்கத்தில் வைத்து, அதிலுள்ள காசோலைகளை வங்கிக் கூற்றில் தேடுங்கள். வராதவை இந்த மாதப் பட்டியலுக்கும் வரும். காசோலைத் திகதியிலிருந்து ஆறு மாதம் கடந்தால் வங்கி பொதுவாக ஏற்காது. அப்போது பட்டியலிலிருந்து எடுத்து, காசேட்டில் வரவும் கடன்கொடுத்தோர் கணக்கில் செலவுமாக எழுதுங்கள். பணம் உங்களிடம் திரும்பியதே தவிர, கடன் தீரவில்லை. அவரைக் கூப்பிட்டு, பழைய காசோலையை வாங்கிக்கொண்டு புதியது கொடுங்கள்.