மின்னஞ்சலின் முதல் வரி

கேள்வி: "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்காவிட்டால் மரியாதைக் குறைவாகத் தெரியாதா? வேறு எப்படித் தொடங்குவது?

அப்படித் தெரியாது. மரியாதைக்கு "வணக்கம் ஐயா" போதும். அதற்கு அடுத்த வரியில், அவர் கடைசியாக எழுதியதில் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் விஷயத்தைத் தொடுங்கள். ஜிமெயில் போன்றவற்றில் அஞ்சலைத் திறக்கும் முன்பே முதல் சில சொற்கள் பட்டியலில் தெரியும். அந்த இடத்தை நலவிசாரிப்புக்குக் கொடுத்துவிட்டால், பதில் வந்ததா என்பதே அவருக்குப் புரியாது.

அச்சகத்துக்காரர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "உள்பக்கத்துக்கு 70 ஜிஎஸ்எம் தாளா, 80ஆ? புதனுக்குள் சொன்னால் வெள்ளிக்கிழமை அச்சுக்கு ஏற்றலாம்." இதற்கு நான் இப்படித் தொடங்குவேன்:

"நீங்கள் கேட்ட உள்பக்கத் தாள் 80 ஜிஎஸ்எம்மாகவே இருக்கட்டும், வெள்ளிக்கிழமையே அச்சுக்கு ஏற்றிவிடலாம்."

அவர் சொற்களையே எடுத்திருப்பதால் எதற்கான பதில் என்று உடனே தெரிகிறது. முடிவும் அதே வரியில் இருக்கிறது. இன்னும் முடிவெடுக்கவில்லை என்றால், "தாள் பற்றி நாளை மாலைக்குள் சொல்கிறேன்" என்று எழுதலாம்.

"உங்கள் அஞ்சல் கிடைத்தது, மிக்க மகிழ்ச்சி" என்பதும் வெற்று வரிதான். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: அந்த வரியை வேறு யாருக்கு அனுப்பினாலும் பொருந்துமா? பொருந்தினால் எடுத்துவிடுங்கள்.

ஆனால் அவர் "அம்மா மருத்துவமனையில் இருக்கிறார்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால், முதலில் அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். தாள் கணக்கெல்லாம் அப்புறம்.