கொட்டைக்கும் கணக்கு உண்டு

"அம்மாவுக்கு 61 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை. வெறும் வயிற்றில் 160க்குக் கீழே இறங்குவதில்லை, மூன்று மாத சராசரி 8.4. சொந்தத் தோப்பு இருந்தும் மாம்பழத்தைத் தொடுவதே இல்லை. மண்டிக்கு ஏற்றாத கனிந்த பழத்தை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் அறுத்துச் சாப்பிடுவோம். பாத்திரம் கழுவும்போது கொட்டைகளை மட்டும் அம்மா சப்பிப் போடுவார், அவ்வளவுதான். அவருக்கு எந்தப் பழம், எவ்வளவு, எந்த நேரத்தில் கொடுக்கலாம்?"
— ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

தம்பி, அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லை முதலில் அழித்துவிடுங்கள். உங்கள் அம்மா தினமும் மாம்பழம் சாப்பிடுகிறார். எவ்வளவு என்று உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதுவும் சாப்பிடக் கூடாத நேரத்தில் சாப்பிடுகிறார். என்ன பழம் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு வருவதற்குள் இதைத் தீர்த்தாக வேண்டும்.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். வழக்கம்போலப் பழத்தை அறுங்கள். கொட்டைகளை அம்மா கையில் கொடுப்பதற்கு முன் சமையலறைத் தராசில் வைத்து எடை பாருங்கள். அவர் சப்பிப் போட்ட பிறகு மறுபடியும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர் சாப்பிட்டது. பெங்களூரா போன்ற பெரிய பழத்தில் கத்தியைக் கொட்டையை விட்டுத் தள்ளி இறக்கினால், ஒரு கொட்டையில் 40, 50 கிராம் சதை சாதாரணமாக ஒட்டி நிற்கும். மூன்று பழம் அறுத்தால் 130 கிராம் போல வந்துவிடும். மாம்பழச் சதை 100 கிராமில் சர்க்கரையும் மாவுச்சத்துமாகச் சுமார் 15 கிராம் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் மூன்று கொட்டையில் கிட்டத்தட்ட 20 கிராம். சர்க்கரை உள்ளவருக்கு ஒரு வேளைப் பழம் என்று ஒதுக்குவதே 15 கிராம் மாவுச்சத்து உள்ள அளவைத்தான். அதைத் தாண்டிய அளவு, சோறு சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகாத வயிற்றில் இறங்குகிறது. சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் பழத்தின் சர்க்கரையும் போய்ச் சேருகிறது. பிறகு நடையும் இல்லை, வேலையும் இல்லை, நேரே படுக்கை.

காலையில் 160 நிற்பதற்குக் கொட்டை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். விடியற்காலையில் கல்லீரல் தானாகவே சர்க்கரையை ரத்தத்தில் விடும், அதுவும் சேர்ந்துதான் அந்த எண். ஆனால் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஐந்து நாள் இரவில் பழமும் கொட்டையும் நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, காலை வெறும் வயிற்றில் ஒரு முறை பார்த்துக் குறித்து வையுங்கள். இரவு எண் இறங்கி, காலை எண் அசையாமல் நின்றால் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். அது பழத்தால் தீருகிற விஷயம் அல்ல, மாத்திரையைப் பார்க்க வேண்டிய விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். ஒரு தோப்புக்கு உடையவர், வீட்டில் எல்லோரும் தட்டில் வைத்துச் சாப்பிட்ட பிறகு, கழுவும் தொட்டி அருகே நின்றுகொண்டு மற்றவர்கள் ஒதுக்கியதைச் சப்புகிறார். அதை நீங்கள் பத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவருக்கு மாம்பழ ஆசை போகவில்லை. கேட்க வாய் வரவில்லை, அதுதான் நடக்கிறது. தட்டில் வைத்துக் கொடுத்தால் அளவு இருக்கும். மறைவில் சாப்பிடுவதற்கு அளவு கிடையாது. அம்மாவுக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பிள்ளைகளுக்கு அறுப்பதுதான் முறை, சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இனி அளவுக்கு வருவோம். மாம்பழம் கொடுக்கலாம். நடுத்தரச் செந்தூராவில் ஒரு பக்கக் கதுப்பு, தோல் நீக்கி 80 முதல் 100 கிராம். அதை ஒரு நாளைக்கு ஒரு முறை, வாரத்தில் மூன்று நாள் கொடுத்துத் தொடங்குங்கள். பெங்களூராவின் கதுப்பு பெரியது, அதில் பாதிதான் கணக்கு. முதல் வாரம் கண்ணால் அளக்காமல் தராசில் வையுங்கள், பிறகு கை பழகிவிடும். தோலில் சுருக்கம் விழுந்து, அமுக்கினால் குழைகிற அளவுக்குக் கனிந்த பழம் அம்மாவுக்கு வேண்டாம். கனியக் கனிய மாவு சர்க்கரையாக மாறும், நாரும் இளகும், சர்க்கரை வேகமாக ஏறும். உங்கள் வீட்டில் இரவில் அறுபடுவது மண்டிக்கு ஏற்றாத அந்தப் பழம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு வைப்பது அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்கும் பழமாக இருக்கட்டும். சாறாகப் பிழிந்தோ பாலில் அடித்தோ வேண்டாம். மென்று தின்னும்போது மெதுவாக ஏறுவது, குடித்தால் ஒரே மூச்சில் ஏறிவிடும்.

மாம்பழம் உள்ள நாளில் வேறு பழம் இல்லை. மற்ற நாள்களுக்கு என் முதல் தேர்வு கொய்யா. நடுத்தர அளவில் ஒன்று, 100 கிராம், பாதி பழுத்தது, விதையோடு. மாவுச்சத்து மாம்பழத்தை ஒத்ததுதான், ஆனால் நார் பல மடங்கு அதிகம், அதனால்தான் மெதுவாக ஏறுகிறது. பப்பாளி என்றால் துண்டுகளாக ஒரு கிண்ணம், சுமார் 140 கிராம் வரை போகலாம். நாவல் பழம் வரும் காலத்தில் ஒரு சிறு கிண்ணம். அது சர்க்கரையைக் குறைக்கும் மருந்து என்று சொல்லிக் கால் கிலோ சாப்பிடுகிறார்கள், அதிலும் மாவுச்சத்து இருக்கிறது, கணக்கு ஒன்றுதான். வாழைப்பழத்தில் ஏலக்கி சிறியது ஒன்று, மோரிஸ் என்றால் பாதி. நம் பக்கத்துக் காட்டுச் சீத்தாப்பழம் வரும்போது மட்டும் கவனம் தேவை. அதன் சதையில் 100 கிராமுக்கு 24 கிராம் போல மாவுச்சத்து இருக்கிறது, மாம்பழத்தைவிட அதிகம். சிறிய பழத்தில் பாதிக்கு மேல் கூடாது.

நேரம் காலை 11 மணி. எட்டு மணிக்கு இட்லியோ களியோ சாப்பிட்டிருந்தால் அதன் ஏற்றம் அதற்குள் தணிந்திருக்கும், மதியச் சாப்பாட்டுக்கும் இடைவெளி இருக்கும். தோப்பிலோ வீட்டிலோ கை கால் அசைகிற வேலையும் அப்போது உண்டு. காலையில் முடியாவிட்டால் மாலை நான்கரை, அதற்குப் பிறகு இருபது நிமிடம் நடை. கூடவே ஒரு சிறு கைப்பிடி அவித்த வேர்க்கடலை கொடுத்தால் பசியும் அடங்கும், சர்க்கரை ஏறும் வேகமும் குறையும். சாப்பாட்டோடுதான் மாம்பழம் வேண்டும் என்று ஒரு நாள் ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், சோற்றில் கழியுங்கள். 100 கிராம் பழத்துக்கு ஈடு சுமார் 50 கிராம் சோறு, ஒரு சிறு கரண்டி. அந்தக் கரண்டிச் சோறு தட்டில் விழாமல் இருந்தால் கணக்குச் சரி.

இந்த அளவு அம்மாவுக்குப் பொருந்துகிறதா என்பதை அவர் உடம்புதான் சொல்லும். பதினொரு மணிக்குப் பழம் தருவதற்கு முன் விரலில் குத்திப் பாருங்கள், சரியாக இரண்டு மணி நேரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் மறுபடி பாருங்கள். முன்னால் 142, பின்னால் 172 என்று வந்தால் ஏற்றம் 30, அந்த அளவே இருக்கட்டும். 142 என்பது 205 ஆனால் ஏற்றம் 60க்கு மேல், அடுத்த முறை 60 கிராமாகக் குறைத்துப் பாருங்கள். இரண்டு மணி நேர எண் 180க்குள் நிற்பதும், ஏற்றம் 40, 50ஐத் தாண்டாததும் நல்ல அடையாளம். பழம் தருவதற்கு முன்பே 250க்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பழம் வேண்டாம்.

இதில் எல்லோரும் செய்கிற ஒரு தவறு உண்டு. பழம் தொட்ட கையோடு விரலில் குத்துவது. தோலில் ஒட்டிய மாம்பழச் சாறு அந்த ஒரு சொட்டு ரத்தத்தில் கலந்தால் 150 இருப்பவருக்கு 250ம் 300ம் காட்டும். வீட்டில் எல்லோரும் பதறுவார்கள், பழத்தை மறுபடி நிறுத்துவார்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகு குத்துங்கள். எண் நம்ப முடியாததாக வந்தால் கழுவிவிட்டு மறுபடி பார்த்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. இரவு சாப்பாட்டுக்குப் பதில் பழம் மட்டும் தின்று படுக்கும் பழக்கத்துக்கு அம்மாவை விடாதீர்கள். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு சோற்றை விட்டால் நடு இரவில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால், அப்போது கொய்யாவைத் தேடக் கூடாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். அடுத்தது, ஒன்பது வருடச் சர்க்கரை என்பதால் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் அது இல்லை. சிறுநீரகம் பழுதடைந்திருந்தால் வாழைப்பழம், ஆரஞ்சு, மாம்பழம் எல்லாவற்றிலும் உள்ள பொட்டாசியத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும், மேலே சொன்ன அளவுகள் அப்போது பொருந்தாது. இந்த வாரமே பரிசோதித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நல்ல செந்தூராவாகப் பார்த்து ஒன்றை அறுத்து, முதல் கதுப்பைத் தட்டில் வைத்து அம்மாவை உட்காரவைத்துக் கொடுங்கள். இரவில் பழம் அறுத்தால் கொட்டைகளை உடனே மாட்டுத் தொழுவத்துக்கு எடுத்துப் போய்விட்டு, அந்தப் பாத்திரங்களை நீங்களே கழுவிவிடுங்கள்.