எடை குறைந்த நோயாளி ஸ்டேஷன்: "சுகர்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள்

"ஆஸ்கியில் காரணமில்லாமல் எடை குறைந்த நோயாளி வந்தால் எப்படிக் கேட்பது? எல்லாம் கேட்ட மாதிரிதான் இருக்கிறது, மார்க் மட்டும் வருவதில்லை."

ஆஸ்கி என்ற மருத்துவச் செய்முறைத் தேர்வில், நோயாளியாக நடிப்பவரிடம் கேள்வி கேட்டு மார்க் வாங்கும் இந்த ஸ்டேஷனுக்கு நான் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன், தேர்வாளராகவும் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்கிரிப்டில் இரண்டு பகுதி உண்டு: நோயாளியாக நடிப்பவர் தானாகச் சொல்வது ஒன்று, கேட்டால் மட்டும் சொல்வது இன்னொன்று. மார்க் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும்.

ஒரு ஸ்கிரிப்ட் சொல்கிறேன். 63 வயது ஆண். "பேன்ட் எல்லாம் லூசாகிப் போச்சு டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எவ்வளவு, எத்தனை நாளில் என்று கேட்டால்தான் நாலு மாதத்தில் 70 கிலோவிலிருந்து 61 என்பார், அதாவது கிட்டத்தட்ட 13 சதவீதம். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தாலே தேட வேண்டும் என்பதால், இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லுங்கள். டயட், உடற்பயிற்சி என்று அவராகக் குறைக்கவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி பசி. நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறார் என்றால் தைராய்டு, சர்க்கரை, சத்து உறிஞ்சப்படாத குடல் பக்கம் யோசனை போகும். பசியே இல்லை என்றால் புற்றுநோய், காசநோய், மனச்சோர்வு. நம்மவர் "முன்ன மாதிரி சாப்பிட முடியல" என்பார், அப்புறம் கேட்டால் தாகம், ராத்திரி நாலு தடவை சிறுநீர் என்பார். பல மாணவர்கள் விழுவது இங்கேதான். "சுகர்" என்று முகம் மலர்ந்து, மீதி நேரத்தை உணவுக் கட்டுப்பாடு சொல்லியே தீர்த்துவிடுவார்கள்.

சர்க்கரைதான், ஆனால் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், பருமனாகவும் இல்லாத ஒருவருக்கு 63 வயதில் ஏன் புதிதாக வந்தது? இப்படி ஒரு நொடி யோசித்தால் வயிற்றைப் பற்றிக் கேட்பீர்கள். மேல் வயிற்றில் வலி, முதுகுக்குப் பரவுகிறது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையாக மிதக்கிறது. ஸ்கிரிப்ட் மறைத்து வைத்திருப்பது கணையப் புற்றுநோய்! மஞ்சள் காமாலை இல்லையே என்று ஒதுக்காதீர்கள், கட்டி கணையத்தின் உடல் பகுதியிலோ வாலிலோ இருந்தால் அது வராமலே போகலாம். 60 வயதைத் தாண்டி, எடை குறைந்து, கூடவே முதுகுவலியோ புதிய சர்க்கரையோ இருந்தால் வயிற்றுக்கு அவசர சிடி ஸ்கேன் எடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல். ரத்தச் சர்க்கரைச் சோதனையோடு அதையும் திட்டத்தில் சொல்லுங்கள்.

கடைசி நிமிடத்தில் அவர் "கேன்சரா இருக்குமோ டாக்டர்?" என்பார். அதுவும் ஸ்கிரிப்டில் உள்ளதுதான். "அதெல்லாம் ஒன்னுமில்லை" என்றாலும் மார்க் போகும், "ஆமாம்" என்றாலும் போகும். "எதனால அந்தப் பயம் வந்தது?" என்று கேளுங்கள். அண்ணன் இதே மாதிரி இளைத்துத்தான் இறந்தார் என்று அப்போதுதான் சொல்வார், ஏனென்றால் கேட்டால் மட்டும் சொல்லும்படி நான் எழுதி வைத்த கடைசி வரி அது.